பதினான்கு அடிச் சுவருக்கு ஆறு போர்டா, ஏழா?

கேள்வி: சார், பெங்களூரு சி.வி. ராமன் நகரில் நான்காவது மாடியில் இருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பாவுக்காக ஹாலைத் தடுத்து ஓர் அறை எடுக்க வேண்டும். தடுப்பின் நீளம் 14 அடி, தரையிலிருந்து ஸ்லாப் வரை 9½ அடி, அதில் 3க்கு 7 அடியில் ஒரு கதவு. கடைக்காரர் பத்தடி ஜிப்சம் போர்டு ஆறு போதும் என்கிறார். ஃபால்ஸ் சீலிங் வேலை செய்பவரோ ஆறடி போர்டு பதினான்கு என்கிறார். யார் கணக்கு சரி? ஸ்டட், டிராக், ஸ்க்ரூ, டேப் எல்லாம் எவ்வளவு வாங்குவது?

பதில்: கடைக்காரர் பரப்பளவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். 14ஐ 9½ஆல் பெருக்கினால் 133 சதுர அடி. கதவுக்கு 21 கழித்தால் 112. இரண்டு முகத்துக்கும் சேர்த்து 224. பத்துக்கு நாலு போர்டு ஒன்று 40 சதுர அடி என்பதால் 5.6, அதாவது ஆறு. கணக்கில் பிழை இல்லை, ஆனால் போர்டு பெயின்ட் மாதிரி பரவுகிற பொருள் இல்லையே. கதவுக்காக வெட்டி எடுத்த துண்டு இன்னொரு இடத்தில் முழு உயரத்துக்கு நிற்காது. அதனால் சதுர அடியை மறந்துவிட்டு, ஒரு தாளில் சுவரை வரைந்து நாலு நாலு அடிப் பத்தியாகக் கோடு போடுங்கள். ஸ்டட்டும் டேப்பும்கூட அந்தப் படத்திலிருந்தே வந்துவிடும்.

முதலில் ஸ்டட், அதாவது போர்டைத் தாங்கச் செங்குத்தாக நிற்கும் தகரச் சட்டம். இரண்டடிக்கு ஒன்று என்பது வழக்கம். நாலடி அகலப் போர்டின் இரண்டு ஓரமும் நடுவும் அப்போதுதான் ஸ்டட் மேல் உட்காரும். 14 அடியில் ஏழு இடைவெளி, ஆக எட்டு ஸ்டட் என்று பலர் எழுதிவிடுவார்கள். கதவு வந்ததும் அந்த எண்ணிக்கை மாறிவிடும்.

இடது சுவரிலிருந்து அளந்தால் ஸ்டட் நிற்கும் இடங்கள் 0, 2, 4, 6, 8, 10, 12, 14. கதவை வலது மூலையிலிருந்து அரையடி விட்டு வைப்போம். திறப்பு 10½இல் தொடங்கி 13½இல் முடியும். 12இல் இருந்த ஸ்டட் திறப்புக்குள் விழுவதால் அதை எடுத்துவிட்டு, கதவுக்கு மேலே இரண்டரை அடித் துண்டாக மட்டும் வைக்க வேண்டும். மீதி முழு உயர ஸ்டட் ஏழு. கதவின் இரண்டு பக்கமும் ஸ்டட்டை ஒன்றோடொன்று சேர்த்து இரட்டையாக நிறுத்தி, உள்ளே மரச் சட்டம் செருக வேண்டும். இல்லாவிட்டால் கதவு அறைந்து சாத்தும்போதெல்லாம் சுவர் அதிரும். இதற்கு நான்கு. ஆக பதினொன்று. மேல் துண்டுக்கும் கைப்பிழைக்கும் ஒன்று சேர்த்துப் பத்தடி நீளத்தில் 12 வாங்குங்கள்.

9½ அடி உயரத்துக்கு 50 மி.மீ. ஸ்டட் எனக்குப் பிடிப்பதில்லை. கையால் தள்ளினால் நடுவில் வளைவது தெரியும். 70 மி.மீ. கேளுங்கள். இரண்டு பக்கமும் 12.5 மி.மீ. போர்டு வைத்த பிறகும் சுவர் நாலு அங்குலத்தைத் தாண்டாது. 50தான் கிடைக்கிறது என்றால் இடைவெளியை 16 அங்குலமாகக் குறைக்க வேண்டும்; அப்போது ஸ்டட் எண்ணிக்கை கூடும்.

ஸ்டட்டின் அடியும் தலையும் உட்காரும் டிராக்கை உங்கள் கடையில் ஃப்ளோர் சேனல் என்று சொன்னால் சட்டென்று புரியும். தரையில் கதவை விட்டு 11 அடி, ஸ்லாபில் 14 அடி. கதவுத் தலைக்கு 3 அடியோடு இரண்டு ஓரமும் மடித்துத் திருகுவதற்கு அரையரை அடி, ஆக 4. மொத்தம் 29 அடி, 12 அடி நீளம் மூன்று போதும். இரண்டடிக்கு ஒரு பிளக் வைத்துத் திருகச் சொல்லுங்கள்; இரண்டு ஓரத்தில் பழைய சுவரை ஒட்டி நிற்கும் ஸ்டட்டுக்கும் சேர்த்து முப்பது பிளக் வேண்டியிருக்கும்.

இனி போர்டு. முன்பக்கம் 0–4, 4–8, 8–12 என்று மூன்று முழுப் போர்டு. பிறகு 12–14க்கு அரைப் போர்டு. பின்பக்கத்தை அதே இடத்தில் தொடங்கக் கூடாது. இரு முகத்தின் இணைப்பும் ஒரே ஸ்டட்டில் விழுந்தால் அந்த ஸ்டட் கொஞ்சம் அசைந்தாலும் இரண்டு பக்கமும் விரிசல் விடும். அதனால் பின்பக்கம் 0–2 அரைப் போர்டில் தொடங்கி 2–6, 6–10, 10–14. இரண்டு அரையும் ஒரே போர்டிலிருந்து வந்துவிடும், ஆக ஏழு. தொழிற்சாலையில் சரித்து வரும் ஓரம் இணைப்புப் பக்கமும், நீங்கள் வெட்டிய ஓரம் சுவர் மூலைப் பக்கமும் போகும்படி திருப்பி வையுங்கள். உடைசலுக்கு ஒன்று சேர்த்து எட்டு.

கதவை மூலையிலிருந்து ஓர் அடி தள்ளி, 10இல் தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். அப்போது பின்பக்கத்து இணைப்பு சரியாகக் கதவின் ஓரக் கோட்டிலேயே விழும். ஜிப்சம் சுவரில் முதல் விரிசல் கதவின் மேல் மூலையில்தான் வரும். இணைப்பும் அங்கேயே இருந்தால் எந்த டேப்பும் காப்பாற்றாது. போர்டு ஒரே துண்டாக மூலையைச் சுற்றி வர வேண்டும். அதனால் பின்பக்கம் 10–14 போர்டை முழுதாக மாட்டித் திருகிவிட்டு, அப்புறம் திறப்பை ரம்பத்தால் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். கீழே வைத்து வெட்டினால் இரண்டு பக்கமும் அரையடிக் கால்தான் மிஞ்சும், தூக்கும்போதே ஒடிந்துவிடும்.

இப்போது நான்காம் மாடிக்கு வருவோம். பத்தடி போர்டு உங்கள் லிஃப்ட்டில் போகாது. ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். படிக்கட்டுத் திருப்பத்தில் இரண்டு பேர் செங்குத்தாகப் பிடித்துத் திருப்ப முடிகிறதா என்பதை ஒரு நீளக் கம்போடு போய்ப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். சீலிங்காரர் ஆறடி போர்டு சொன்னதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சீலிங்குக்கு அவர் தினமும் வாங்குவதும் அதுதான். அவர் எண்ணிக்கையும் தவறில்லை. ஒரு பத்திக்கு ஆறடி ஒன்று, மேலே மூன்றரை அடித் துண்டு ஒன்று, பக்கத்துக்கு மூன்றரைப் பத்தி, ஆக பதினான்கு. ஆனால் கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஆறடி உயரத்தில், குறுக்கு இணைப்பு வந்துவிடுகிறது. போர்டின் குறுக்கு ஓரத்தில் சரிவு கிடையாது. டேப்பும் காம்பவுண்டும் உட்காரப் பள்ளம் இல்லாததால் மேடாகவே நிற்கும், மாலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது தெரியும்.

படிக்கட்டு விடவில்லை என்றால் எட்டடி போர்டு நல்ல சமரசம். பத்திக்கு எட்டடி ஒன்று, ஒன்றரை அடித் துண்டு ஒன்று. ஏழு போர்டோடு, துண்டுகளுக்காக இரண்டு. ஒரு போர்டில் ஐந்து துண்டு எடுக்கலாம், உங்களுக்கு வேண்டியது ஏழுதான். ஆக ஒன்பது. ஒரு பத்தியில் துண்டு மேலே வந்தால் அடுத்ததில் கீழே வரட்டும், குறுக்குக் கோடு ஒரே நேராக ஓடக் கூடாது. ஒவ்வொரு குறுக்கு இணைப்புக்குப் பின்னாலும் இரண்டு ஸ்டட்டுக்கு இடையில் ஒரு சேனல் துண்டு போட வேண்டும். அதற்கு இன்னும் மூன்று டிராக் சேர்த்துக்கொள்ளுங்கள். சீலிங் ஆட்கள் இதைத்தான் விட்டுவிடுவார்கள். போர்டு மாட்டிய பின் இணைப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் பின்னால் ஒன்றும் இல்லை.

ஸ்க்ரூ 25 மி.மீ. கருப்பு டிரைவால் ஸ்க்ரூ. ஓரங்களில் எட்டு அங்குலத்துக்கு ஒன்று, நடு ஸ்டட்டில் ஓர் அடிக்கு ஒன்று. முழுப் போர்டின் ஓர் ஓரத்துக்கு 15 வீதம் 30, நடுவில் 10, கீழ் டிராக்கில் 5. போர்டுக்கு 45 என்று வைத்து ஆறு முழுப் போர்டுக்கு 270, இரண்டு அரைக்கு 66. கதவுச் சட்டத்துக்கும் வீணாவதற்கும் சேர்த்து 450 பிடிக்கும். 500 வாங்கினால் போதும். தலை காகிதத்தைக் கிழிக்காமல் லேசாகப் பள்ளமாக உட்கார வேண்டும். கிழித்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். மேல் டிராக்கில் மட்டும் போர்டையோ ஸ்டட்டையோ திருகாதீர்கள். ஸ்லாப் சுமையில் துளி இறங்கும். ஸ்டட்டை 10 மி.மீ. குட்டையாக வெட்டி டிராக்குக்குள் சும்மா நிற்க விட்டால், இறங்கும் ஸ்லாப் சுவரை நசுக்காது. போர்டுக்கும் ஸ்லாபுக்கும் நடுவே அதே இடைவெளி விட்டு, அக்ரிலிக் சீலன்ட் அடையுங்கள்.

டேப் கணக்கு மேலே வரைந்த படத்திலேயே இருக்கிறது. முன்பக்கம் 4இலும் 8இலும் 9½ அடி, 12இல் கதவுக்கு மேலே இரண்டரை, ஆக 21½. பின்பக்கம் மூன்று இணைப்பு, 28½. மொத்தம் 50 அடி. பழைய சுவரோடு சேரும் நான்கு மூலைக்கு 38. ஆக 88 அடி, சுமார் 27 மீட்டர். 75 மீட்டர் சுருள் ஒன்றில் பாதிகூடத் தீராது. எட்டடி போர்டானாலும் அதே சுருள் போதும். காகித டேப்பே வாங்குங்கள், ஒட்டும் வலை டேப் சுவர் இணைப்புக்கு அவ்வளவு பலம் தராது. ஜாயின்ட் காம்பவுண்ட் ஒரு மூட்டை. இதற்குப் பதிலாக பி.ஓ.பி.யோ சுவர் பட்டியோ பூச வந்தால் தடுத்துவிடுங்கள். என் சொந்த வீட்டிலேயே ஓர் ஒப்பந்தக்காரர் பட்டி பூசிவிட்டுப் போனார். நாலு மாதத்தில் எல்லா இணைப்பும் தலைமுடி மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது.

முன்பக்கம் மூடியதும் வேலையை நிறுத்தி, வயரிங் குழாய், சத்தம் குறைக்கக் கண்ணாடிக் கம்பளி, அப்பாவின் டிவி அல்லது அலமாரி தொங்கும் இடத்தில் ஸ்டட்டுகளுக்கு இடையே பிளைவுட் எல்லாம் வைத்துவிட்டுத்தான் பின்பக்கத்தை மூட வேண்டும். கடைசியாக, போர்டின் அடி தரையைத் தொடக் கூடாது. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, 10 மி.மீ. தூக்கி மாட்டி, ஸ்கர்ட்டிங்கால் மறைத்துவிடுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் வாளித் தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது உறிஞ்சிக்கொண்டு, அடிப்பகுதி ஊதி, பெயின்ட் கொப்புளிக்கும்.