தாத்தா சொன்ன கதைகள் எப்படி அத்தியாயங்களாகும்?

"தாத்தா பேசியதை மணிக்கணக்கில் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒன்றில் தொடங்கி எங்கெங்கோ போய்விடுகிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார். இதை எப்படி அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து எழுதுவது?"

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய உட்காராதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க, பழகிய கைக்கே நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அதில் பெரும்பகுதி புத்தகத்துக்கு வரப்போவதும் இல்லை. முதலில் கேட்டுக்கொண்டே சம்பவத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதுங்கள்: "பதிவு 3, 14:20. கடையை மூடியது. அண்ணனோடு சண்டை. மூத்த மகள் பிறந்த பிறகு." இவ்வளவு போதும்.

அந்தக் கடைசிக் குறிப்பு முக்கியம். "எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்வார். "அப்ப எந்த வீட்ல இருந்தீங்க? யார் யார் பிறந்திருந்தாங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பிசகாது. வருடத்தைப் பிற்பாடு பத்திரம், சான்றிதழ் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

சீட்டுகளைத் தரையில் பரப்பியதும் இளமை, திருமணம், வேலை என்று அடுக்கத்தான் கை போகும். அப்படி அடுக்கினால் பயோடேட்டா மாதிரிதான் இருக்கும். எந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீடோ தொழிலோ உறவோ பழையபடி இல்லாமல் போனது என்று பாருங்கள். அங்கேதான் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

கடை மூடிய கதையையே எடுத்துக்கொள்வோம். அதை அவர் மூன்று தடவை சொல்லியிருக்கிறார் என்று வையுங்கள். முதல் தடவை, "நானே மூடிட்டேன்." அடுத்த தடவை கடனுக்குச் சரக்கு கொடுத்த கதை நீள்கிறது. மூன்றாவதில், "அண்ணன் சாவியைக் கேட்டாரு, குடுத்துட்டேன்." திரும்பத் திரும்ப வருவதை மறதி என்று தள்ளிவிடாதீர்கள், மனதை அரித்ததுதான் பெரும்பாலும் அப்படி வரும். இருப்பதில் விரிவான வடிவத்தை மூலமாக வைத்து, மற்ற இரண்டிலிருந்தும் விவரங்களைச் சேருங்கள். சாவியைக் கொடுப்பதில் அத்தியாயத்தைத் தொடங்கலாம். கடன், சண்டை என்று பின்னோக்கிப் போய், அடுத்த வேலைக்குக் கிளம்புவதோடு நிறுத்தலாம். மூடியது யார் முடிவு என்பதை அவரிடமே கேளுங்கள். அப்போதும் தெளியாவிட்டால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல், "ஒரு தடவை இப்படிச் சொன்னார், இன்னொரு தடவை அப்படி" என்றே எழுதிவிடுங்கள்.

அத்தியாயத்தில் நடப்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வரவில்லையா? இரண்டு அத்தியாயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரியுங்கள். எழுதியதில் "பிறகு", "அதன் பிறகு" என்றே பத்திகள் தொடங்கினால் சம்பவங்கள் வெறுமனே வரிசையில் நிற்கின்றன என்று பொருள்.

இனி, தேர்ந்த பகுதிகளை மட்டும் எழுத்தாக்கினால் போதும். இணைப்புரை உங்கள் நடையில் இருக்கட்டும். அவர் பேசும் இடங்களில் "குடுத்துட்டேன்" என்பதைக் "கொடுத்துவிட்டேன்" என்று திருத்த வேண்டாம்.

ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அப்போதும் பதிவு ஓடட்டும். "அப்படி இல்லப்பா" என்று அவர் குறுக்கிடும் இடத்தில் புதுச் சீட்டு ஒன்று கிடைக்கும். அண்ணன் வீட்டாரைப் பற்றிய பகுதி அச்சில் வரலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.