நான்கு கப்பி இருந்தும் ஏன் இவ்வளவு கனக்கிறது?

“பட்டறையில் 200 கிலோ மோட்டாரை 3 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மேலே இரண்டு, கீழே இரண்டு எனக் கப்பி செட் வாங்கினேன். 50 கிலோ இழுத்தால் போதும் என்றார்கள். இழுக்கும் கயிற்றில் மாட்டிய தொங்கு தராசு 70 காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? ஆறு கப்பி செட் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார் புரோக்கர்.”

செட்டில் ஏமாறவில்லை, வாக்குறுதியில் ஏமாந்தீர்கள். அந்த 50 உராய்வே இல்லாத உலகத்துக் கணக்கு. ‘உராய்வைப் புறக்கணிக்க’ என்று எழுதியே பரீட்சை நடத்துகிறோம். கடைக்காரரும் அதே பள்ளியில்தானே படித்தார்!

மோட்டாரை நான்கு கயிற்று இழைகள் தாங்குவதால், அது 3 மீட்டர் ஏற நீங்கள் 12 மீட்டர் கயிறு இழுக்கிறீர்கள். ஒரு கிலோ எடைக்கு 10 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் செய்த வேலை 700 × 12 = 8400 ஜூல். மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 2000 × 3 = 6000 ஜூல். மீதி 2400 ஜூல் கப்பி அச்சைச் சுற்றியுள்ள புஷ்ஷில் சூடாகவும் கயிறு வளைவதிலும் போய்விட்டது. 6000-ஐ 8400-ஆல் வகுத்தால் பயனுறுதிறன் சுமார் 71 சதவீதம். புஷ் போட்ட கப்பிக்கு இது மோசமில்லை.

மோட்டார்தான் 200 கிலோவுக்கு மேல் இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அதே தராசோடு மெதுவாக இறக்கிப் பாருங்கள். எடைதான் கூடுதல் என்றால் இறக்கும்போதும் 70-ஐ ஒட்டியே காட்டும். உராய்வு என்றால் 35 பக்கம் விழும், ஏனென்றால் இறக்கும்போது அதே உராய்வு உங்களுக்குத் துணையாகப் பிடித்துக்கொள்கிறது.

இப்போது புரோக்கர் பேச்சு. உங்கள் அளவுப்படி ஒவ்வொரு கப்பியும் தன்மேல் வரும் இழுப்பில் ஏறக்குறைய 13 சதவீதத்தைத் தின்கிறது. அதே ரகத்தில் ஆறு போட்டால் இழுப்பு 53 கிலோவாகக் குறையும், அது உண்மை. ஆனால் 18 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். வேலை 9540 ஜூல், பயனுறுதிறன் 63 சதவீதம். கமிஷன் அவருக்கு, கூடுதல் வேர்வை உங்களுக்கு. அதற்குப் பதில் கப்பியைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வையுங்கள். பேரிங் கப்பி கிடைத்தால் இன்னும் நல்லது.

சில இடங்களில் விரயம் நமக்கு வேண்டியிருக்கிறது. திருகு ஜாக்கியில் பாதிக்கு மேல் வேலை உராய்வுக்கே போகும்; அதனால்தான் கைப்பிடியை விட்டாலும் வண்டி இறங்குவதில்லை. அதற்காக எண்ணெய் போட்டு வழவழப்பாக்கிவிட்டு அடியில் படுக்காதீர்கள். அதிர்வு இருந்தால் திருகு மெல்ல நழுவும், ஸ்டாண்டு கட்டாயம். உங்கள் கப்பி செட்டோ 71 சதவீதம்; உராய்வுக்குப் பாதிகூடப் போவதில்லை. கயிற்றை விட்டால் மோட்டார் நேராகக் கீழே வரும். மேலே ஏற்றியதும் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.