நிற்காத லூப்பும் எப்சிலானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வர்க்கமூலம் காண நியூட்டன் முறையில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதினேன்.

```python
def root(a):
    x = 1.0
    while abs(x*x - a) > 1e-9:
        x = (x + a/x) / 2
    return x
```

`root(2)` சரியாக வருகிறது. `root(3e15)` கொடுத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. மெஷின் எப்சிலான்தான் கணினியின் துல்லியம் என்று படித்ததால், 1e-9 இருந்த இடத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். இப்போது `root(2)`கூட நிற்கவில்லை. போதாக்குறைக்கு, எப்சிலான் 2.2e-16 என்கிறது ஒரு புத்தகம், 1.1e-16 என்கிறது இன்னொன்று. எதை நம்புவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு புத்தகங்களும் சரிதான். அவை சொல்வது இரண்டு வெவ்வேறு அளவுகளை. டபுள் எண்களில் 1-க்கு அடுத்து வருவது 1 + 2^-52. இடையில் எதுவும் கிடையாது. இந்த இடைவெளி, அதாவது சுமார் 2.2e-16, மெஷின் எப்சிலான். கணக்கின் உண்மையான விடை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ விழுந்தால், கணினி அதைப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளிவிடும். அப்படித் தள்ளும்போது நேரக்கூடிய பிழை, மிஞ்சிப்போனால் இடைவெளியில் பாதி. அந்தப் பாதிதான் 2^-53, சுமார் 1.1e-16, யூனிட் ரவுண்டாஃப் என்பது இதுவே. பைத்தானின் `sys.float_info.epsilon` தருவது முதலாவதை. சி ஷார்ப்பில் `Double.Epsilon` என்று ஒன்று இருக்கிறது. அது இந்த இரண்டும் இல்லை, பூஜ்யத்துக்கு மேல் உள்ள மிகச் சிறிய டபுள், 4.9e-324. இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எப்சிலான் என்பது 1-க்குப் பக்கத்தில் உள்ள இடைவெளி மட்டுமே. எண் பெரிதானால் இடைவெளியும் பெரிதாகும். 1-க்கும் 2-க்கும் நடுவில் எத்தனை டபுள்கள் உண்டோ, அத்தனைதான் 2-க்கும் 4-க்கும் நடுவில், அத்தனைதான் 4-க்கும் 8-க்கும் நடுவில். தூரம் இரட்டிக்கிறது, எண்ணிக்கை கூடவில்லை. ஆகவே இடைவெளி இரட்டித்தாக வேண்டும். பைத்தானில் நேரடியாகவே பார்க்கலாம்:

```python
>>> import math
>>> math.ulp(1.0)
2.220446049250313e-16
>>> math.ulp(3e15)
0.5
```

3e15-க்கு அடுத்த டபுள் அரை தள்ளித்தான் இருக்கிறது. அந்தப் பகுதியில் இரண்டு எண்களைக் கழித்தால் வித்தியாசம் 0, 0.5, 1 என்றுதான் வரும். உங்கள் லூப்போ வித்தியாசம் 1e-9-க்குள் வரவேண்டும் என்கிறது. அங்கே அதற்கு ஒரே அர்த்தம்: சரியாகப் பூஜ்யம் வந்தால்தான் நிற்பேன்.

பூஜ்யம் வருமா? 3e15-இன் வர்க்கமூலம் 54772255.7505166113... என்று போகிறது. அந்த இடத்தில் டபுள்களின் இடைவெளி 2^-27, ஏறத்தாழ 7.45e-9. உண்மையான மூலம் இரண்டு டபுள்களுக்கு நடுவே, கீழ் எண்ணிலிருந்து இடைவெளியில் 0.40 பங்கு தள்ளி விழுகிறது. கீழ் எண்ணை வர்க்கப்படுத்தினால் 3e15-க்கு 0.327 குறைவு. அந்த விடை 0.5-இன் மடங்காக மாறியாக வேண்டும், அதனால் 0.5 குறைவாகிவிடுகிறது. மேல் எண்ணின் வர்க்கம் 0.489 கூடுதல்; அது 0.5 கூடுதலாகிவிடுகிறது. ஆக, தன்னோடு தானே பெருக்கி 3e15 தரும் டபுளே கிடையாது. நியூட்டன் முறை தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது. உங்கள் நிபந்தனைதான் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. லூப்புக்குள் `abs(x*x - a)`-வை அச்சிட்டுப் பாருங்கள், 0.5-க்குக் கீழே இறங்காது. எப்சிலானைப் போட்டபோது `root(2)` தொங்கியதும் இதேதான்: அங்கே வித்தியாசம் 4.44e-16-க்குக் கீழே போவதில்லை, நீங்கள் கேட்டதோ 2.2e-16.

0.5 என்றதும் பெரிய பிழை என்று தோன்றும். தனிப்பிழையாகப் பார்த்தால் பெரிதுதான். அதை 3e15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.7e-16. ஒப்பீட்டுப் பிழை எப்சிலானைவிடக் குறைவு. இது தற்செயல் அல்ல. 2^e-க்கும் 2^(e+1)-க்கும் நடுவே இடைவெளி 2^(e-52). ஒருமுறை தள்ளுவதால் வரும் பிழை அதிகபட்சம் அதில் பாதி, 2^(e-53). அந்தப் பகுதியின் எண் எதுவும் 2^e-க்குக் குறையாது. வகுத்தால் e அடிபட்டுப்போகிறது, மிஞ்சுவது 2^-53. பகுதி எதுவானாலும் ஒப்பீட்டுப் பிழைக்கு இதே வரம்புதான். தனிப்பிழைதான் e-யோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். 1e300 பக்கத்தில் அடுத்தடுத்த டபுள்களுக்கு இடையே சுமார் 1.5e284 தூரம்.

தொங்கும் லூப் பரவாயில்லை, தப்பு இருப்பது உடனே தெரிந்துவிடுகிறது. உங்கள் பழைய ஃபங்ஷனில் `root(1e-20)` போட்டுப் பாருங்கள். சட்டென்று விடை வரும்: சுமார் 0.0000305. சரியான விடை 1e-10. மூன்று லட்சம் மடங்கு தப்பு, சத்தமே இல்லை. x பாதிப் பாதியாகக் குறைந்து வரும்போது அதன் வர்க்கம் 1e-9-க்குக் கீழே போனதுமே நிபந்தனை திருப்தியாகிவிட்டது. எனக்கு இதுதான் பயம் தரும் பிழை.

ஆகவே அனுமதிக்கும் பிழையை a-யோடு சேர்த்து அளக்க வேண்டும். முதலில் `import sys`, பிறகு `eps = sys.float_info.epsilon` என்று எழுதிக்கொண்டு, லூப்பின் நிபந்தனையை இப்படி மாற்றுங்கள்:

```python
while abs(x*x - a) > 4*eps*a:
```

4 எங்கிருந்து வந்தது? நியூட்டனின் கடைசிச் சுற்றில் ஒரு வகுத்தல், ஒரு கூட்டல். இரண்டால் வகுப்பதில் பிழை இல்லை. அதனால் x-இல் சுமார் 1.5u பிழை தங்கலாம் (u என்பது யூனிட் ரவுண்டாஃப்). வர்க்கப்படுத்தும்போது அது 3u ஆகும், பெருக்கலின் சொந்தப் பிழை இன்னொரு u. மொத்தம் 4u, அதாவது 2 எப்சிலான். மேலே கொஞ்சம் இடம் விட்டு 4 எப்சிலான். கழித்தலுக்குத் தனியாக எதுவும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நெருக்கமான இரண்டு டபுள்களைக் கழித்தால் விடை துல்லியமாகவே வரும்; ஏற்கெனவே x*x-இல் இருந்த பிழையை அது வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இந்த வரம்புக்கும் ஒரு அடிமட்டம் உண்டு. 2^-1022-க்குக் கீழே, அதாவது சுமார் 2.2e-308-க்குக் கீழே, இடைவெளி சுருங்குவது நின்றுவிடுகிறது. அங்கிருந்து பூஜ்யம் வரை ஒரே இடைவெளி, 2^-1074. அங்கே கதை தலைகீழ்: தனிப்பிழைக்கு வரம்பு உண்டு, ஒப்பீட்டுப் பிழைக்குக் கிடையாது. திருத்திய ஃபங்ஷனில் `root(5e-324)` போட்டால் நின்றுவிடும், ஆனால் விடை கிட்டத்தட்ட 4 சதவீதம் தப்பாக இருக்கும். `4*eps*a` பூஜ்யமாகிவிடுகிறது, x*x-உம் a-யாகவே உருண்டுவிடுகிறது. `root(0)` பூஜ்யம் தராது, 1e-162 அளவில் ஒரு எண்ணைத் தரும். பூஜ்யத்தை முதல் வரியிலேயே தனியாகப் பிரித்து அனுப்பிவிடுங்கள். அத்தனை சிறிய எண்கள் உங்கள் கணக்கில் உண்மையிலேயே வருமென்றால், a-யை முதலில் 2-இன் ஓர் இரட்டைப்படை அடுக்கால் பெருக்கி மேலே கொண்டுவந்து, மூலம் கண்டபின் அதில் பாதி அடுக்கால் வகுத்துக்கொள்ளலாம். இங்கே இரட்டைப்படை என்பது அடுக்கில் உள்ள எண்ணுக்கு: 2^200 சரி, 2^201 கூடாது.