கோச்சுக்கு என்ன எழுதுவது?

அன்புள்ள அக்கா,

உட்லண்ட்ஸில் ஒரு வார இறுதி கால்பந்து அணியில் விங்கில் ஆடுகிறேன். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் ஓடாமல் இருந்துவிட்டு, வந்ததும் செவ்வாய், வியாழன் பயிற்சி, ஞாயிறு மேட்ச் எல்லாவற்றிலும் முழுதாக இறங்கினேன். இப்போது வலது குதிகாலுக்கு மேலே வலி. பிசியோ பார்த்துவிட்டு, குதிகால் தசைநாணின் நடுப்பகுதியில் பாதிப்பு, பயிற்சியைக் குறை என்றார். கோச்சிடம் சொன்னால், "எம்சி முடிஞ்சிருச்சே, சூடானா சரியாயிடும்" என்கிறார். சூடானால் வலி குறையத்தான் செய்கிறது. மறுநாள் காலையில்தான் படி இறங்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அவருக்கு என்ன எழுதினால் புரியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கோச் சொல்வது பாதி உண்மை. அதனால்தான் அவரோடு வாதாடுவது கஷ்டம். தசைப்பிடிப்பு என்றால் அவர் கண்ணெதிரிலேயே நொண்டுவீர்கள். தசைநாண் அப்படி இல்லை. முதல் பத்து நிமிடம் முரண்டு பிடிக்கும், பிறகு அடங்கும், நீங்கள் நன்றாகவே ஓடுவீர்கள். அவர் பார்ப்பது இரவு ஒன்பது மணிக்கு மைதானத்தில் ஓடும் உங்களை. காலை ஆறரைக்கு வீவக புளோக் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கும் உங்களை அவர் பார்த்ததே இல்லை. செய்தியில் முதலில் போகவேண்டியது அந்தக் காலைதான்.

ஏன் மறுநாள் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கடுமையாக ஓடிய பிறகு தசைநாணில் உள்ள கொலாஜன் இழைகள் முதல் ஒன்று, ஒன்றரை நாளைக்குக் கட்டப்படுவதைவிட அதிகமாகச் சிதைகின்றன. அதன் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. அந்த இடைவெளி கிடைக்காமல் மறுபடி ஸ்பிரிண்ட் அடித்தால் கணக்கு பற்றாக்குறையிலேயே நிற்கும். ஒரு மாதம் சும்மா இருந்த தசைநாண் மேல் ஒரே வாரத்தில் பழைய பளுவை ஏற்றியதுதான் உங்களுக்கு நடந்தது.

அதற்காக முழு ஓய்வு கேட்காதீர்கள். படுத்தே இருந்தால் வலி போய்விடும், கூடவே தசைநாணின் தாங்கும் திறனும் போய்விடும். திரும்பி வந்த முதல் வாரத்திலேயே வலியும் திரும்பி வரும். கோச்சுகளுக்கு எம்சி மேல் நம்பிக்கை குறைவதும் இதனால்தான். எம்சியில் தேதி இருக்கும், அந்தத் தேதி முடிந்ததும் ஆள் சரியாகிவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பாதிப்பு எந்தத் தேதிக்கும் கட்டுப்படாது. குதிகாலைத் தூக்கி இறக்கும் பளுப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாலே பொதுவாக 12 வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். இதையும் முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

"பயிற்சியைக் கொஞ்சம் குறைங்க கோச்" என்று மட்டும் எழுதினால் அவர் என்ன செய்வார்? ஓரமாகப் போய் லேசாக ஸ்கிப்பிங் பண்ணு என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் கயிறு தாண்டுவது முழுக்க முழுக்க குதிகால் தசைநாணை ஸ்பிரிங் போல இழுத்து விடும் வேலை. நிதானமான ஓட்டத்தைவிட அதுவே உங்களுக்கு ஆகாது. அதனால் நேரத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அசைவுகளின் பெயரைச் சொல்லுங்கள். ஸ்பிரிண்ட், சட்டென்று நின்று திரும்புவது, குதிப்பது வேண்டாம். பாஸிங், செட்பீஸ், நிதான ஓட்டம் சரி. அவர் கையில் இருப்பது டிரில் பட்டியல். எதை நீக்கலாம் என்று தெரிந்தால் உடனே நீக்கிவிடுவார்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். அனுப்புவதற்கு முன் உங்கள் பிசியோவிடம் ஒரு முறை காட்டுங்கள், நேரங்களை அவர் மாற்றலாம்.

"வணக்கம் கோச். வலது குதிகால் தசைநாண்ல பாதிப்புன்னு பிசியோ சொல்லியிருக்காங்க. அறுந்து போகலை. சூடானதும் வலி குறைஞ்சிடுது, ஆனா மறுநாள் காலையில படி இறங்க முடியலை. முழு ஓய்வு கூடாதுன்னு சொன்னதால பயிற்சிக்கு வந்துடுவேன். அடுத்த ரெண்டு வாரத்துக்கு ஸ்பிரிண்ட், ஷட்டில் ரன், குதிக்கிறது, ஸ்கிப்பிங் மட்டும் வேணாம் கோச். செவ்வாய்க்கிழமை பாஸிங், செட்பீஸ், ஒரே வேகத்துல 15 நிமிஷ ஓட்டம் செய்றேன். ரோண்டோவுல வெளிவட்டத்துல நிக்கிறேன், நடுவுல துரத்துறது வேணாம். வியாழக்கிழமை ஓட்டத்துக்குப் பதிலா சைக்கிள் மிதிச்சிட்டு, டாக்டிக்ஸ் பேசுறப்ப வந்து நிக்கிறேன். இந்த ரெண்டு ஞாயிறும் மேட்ச்சுக்கு என்னைக் கணக்குல எடுக்காதீங்க. தினமும் காலையில வலி பத்துக்கு எவ்வளவுன்னு பார்த்து, பயிற்சிக்கு மறுநாள் உங்களுக்கு அனுப்புறேன். 3க்குள்ளேயே இருந்தா மூணாவது வாரம் கடைசி 20 நிமிஷம் இறங்கலாமான்னு பேசலாம். முழுசா சரியாக மூணு மாசம் ஆகலாம். பிசியோ நம்பர் வேணும்னா தர்றேன்."

மேட்ச் வேண்டாம் என்று நீங்களே எழுதுவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். பயிற்சியில் வேகத்தை அடக்கலாம். மேட்ச்சில் உங்கள் பக்கம் ஒரு நீளமான பந்து வந்தால் அடக்க மாட்டீர்கள், எந்த விங்கரும் அடக்க மாட்டார்.

செய்தியில் இருக்கும் அந்த 3 என்னவென்றால், தினமும் எழுந்ததும் பத்து அடி நடங்கள். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்குங்கள். வலி இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. குதிகால் தசைநாண் ஆய்வுகளில் பயிற்சியின்போது 5 வரை வலி வந்தாலும் மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். ஆட வேண்டும் என்று துடிப்பவர்கள் எண்ணைக் குறைத்தே சொல்வார்கள் என்பதால் நான் 3 என்று வைக்கிறேன்.

எண்ணை எப்படிப் பயன்படுத்துவது? செவ்வாய் காலை 2 இருந்தது, இரவு பயிற்சிக்குப் போனீர்கள், புதன் காலையும் 2 என்றால் அன்றைய அளவு சரி, அடுத்த செவ்வாயும் அதே. புதன் காலை 5 என்றால் செவ்வாய் செய்தது அதிகம். அடுத்த முறை ஓட்டத்தைப் பத்து நிமிடமாக்குங்கள், பாஸிங்கைத் தொட வேண்டாம். ஒரு நாள் ஏறி மறுநாளே இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு வாரம் காலை எண் ஏறிக்கொண்டே போனால் பிசியோவிடம் திரும்பப் போங்கள். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள். போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது.

அப்புறம் ஒன்று, இது கோச்சும் தெரிந்திருக்க வேண்டியது. ஓடும்போது யாரோ பின்னாலிருந்து குதிகாலில் உதைத்தது போல, சில சமயம் சத்தத்தோடு, சட்டென்று ஓர் அடி விழுந்து, அதன் பிறகு அந்தக் காலில் மட்டும் நின்று நுனிக்கால் எழும்ப முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.