முன்கூட்டியே பணம் கட்டினால் தள்ளுபடி: பில்லில் எப்படி எழுதினால் புரியும்? (கேள்வி பதில்)

கோவை பம்ப் உதிரி: வணக்கம் மேடம். நாங்கள் பில்லில் `2/10, net 30` என்று போடுகிறோம், அதாவது 10 நாளுக்குள் கட்டினால் 2% தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளுக்குள் முழுத் தொகை. பாதிப் பேர் 30 நாள் கழித்துப் பணம் அனுப்பும்போதும் 2% கழித்துக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களா?

கணக்கம்மா: சிலர் வேண்டுமென்றேதான். ஆனால் நிறையப் பேருக்கு உண்மையிலேயே அது புரிவதில்லை. கடை முதலாளி கண்ணில் 2-ம் 30-ம் படுகிறது, 30 நாளுக்குள் கட்டினால் 2% என்று எடுத்துக்கொள்கிறார். கணக்கு எழுதுபவர்களின் சுருக்கெழுத்தை அவரிடம் நீட்டிவிட்டு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சதவீதத்தை ரூபாயாகவும் நாளைத் தேதியாகவும் மாற்றி நீங்களே எழுதிவிடுங்கள், அவருக்குக் கணக்குப் போடும் வேலையே இருக்கக் கூடாது.

2026 மார்ச் 4-ம் தேதி பில், சரக்கு ரூ.1,00,000, ஜிஎஸ்டி 18% சேர்த்து ரூ.1,18,000 என்று வைத்துக்கொள்வோம். நான் இப்படி எழுதுவேன்:

> 14-03-2026 (சனி) இரவு 12 மணிக்குள் பணம் எங்கள் வங்கிக் கணக்கில் வந்துவிட்டால் ரூ.1,16,000 கட்டினால் போதும். (தள்ளுபடி ரூ.2,000, அதாவது வரிக்கு முந்தைய தொகையில் 2%.)
> 15-03-2026 முதல் முழுத் தொகை ரூ.1,18,000. கடைசி நாள் 03-04-2026.

"10 நாளுக்குள்" என்று மட்டும் எழுதினால் பில் போட்ட நாளையும் சேர்த்து எண்ணுபவர் 13 என்பார், சேர்க்காதவர் 14 என்பார். தேதியைப் போட்டுவிட்டால் அந்தப் பேச்சே வராது.

ஈரோடு ஜவுளி: 1,18,000-க்கு 2% என்றால் 2,360 வரணுமே, ஏன் 2,000? அப்புறம் தள்ளுபடியைப் பில்லிலேயே எழுதிவிட்டால் ஜிஎஸ்டியும் குறையும் என்று கேள்விப்பட்டேனே.

கணக்கம்மா: நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. பில் போடும்போதே கழித்துக் காட்டிய தள்ளுபடிக்கு ஜிஎஸ்டி இல்லை, அது உண்மை. ஆனால் இங்கே பில் போடும் அன்று அவர் 14-ம் தேதிக்குள் கட்டுவாரா என்று யாருக்கும் தெரியாது. கட்டினால் தருவேன் என்று எழுதியிருக்கிறோமே தவிர இன்னும் கழிக்கவில்லை. அதனால் வரி முழு 1,00,000-க்கும் போடத்தான் வேண்டும். முன்னாலேயே கழித்து 98,000-க்குப் பில் போட்டுவிட்டு, அவர் கட்டாமல் விட்டால் 2,000-க்கும் அதன் வரி 360-க்கும் டெபிட் நோட்டு போட்டு அவர் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

பணம் நேரத்துக்கு வந்த பிறகு இரண்டு வழி. ஒன்று, வரியைத் தொடாமல் 2,000-க்கு மட்டும் கிரெடிட் நோட்டு கொடுப்பது. 18,000 வரி அரசுக்குப் போனது போனதுதான், வாங்கியவரும் முழு 18,000-ஐயும் உள்ளீட்டு வரியாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, 2,000-த்தோடு வரி 360-ஐயும் சேர்த்து ஜிஎஸ்டி கிரெடிட் நோட்டு போடுவது. அப்போது வாங்கியவர் அந்த 360-ஐத் தன் உள்ளீட்டு வரியிலிருந்து திருப்பிவிட வேண்டும், நீங்களும் அதை ரிட்டர்னில் காட்ட வேண்டும், நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள். சின்னத் தொகைக்கு முதல் வழிதான் நிம்மதி. வாங்கியவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் அவர் கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான்.

எந்த வழி என்பதைப் பில் அச்சிடும் முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் பில்லில் வரும் எண்ணே அதைப் பொறுத்தது. முதல் வழியில் 1,16,000, இரண்டாவதில் 1,15,640. "2%" என்று மட்டும் விட்டால் ஆளுக்கு ஒன்றைக் கழிப்பார்கள், அந்த 360 ரூபாய் வருடக்கணக்கில் லெட்ஜரில் தொங்கும்.

சிவகாசி அச்சகம்: எங்கள் லாரி சரக்கு வடக்கே போய்ச் சேர எட்டு நாள் ஆகிவிடும். பில் தேதியிலிருந்து 10 நாள் என்றால் வாங்குபவர் பெட்டியைப் பிரிக்கவே இரண்டு நாள்தான் இருக்கும். சரக்கு சேர்ந்த நாளிலிருந்து வைக்கலாமா?

கணக்கம்மா: நியாயம் அதுதான். ஆனால் சேர்ந்த தேதி உங்கள் கையில் இல்லை. அங்கே குடோனில் இறக்கிக் கையெழுத்துப் போட்ட நாளா, அவர்கள் எண்ணிப் பார்த்த நாளா என்று ஒரு இழுபறி வரும், பில் அடிக்கும்போது தேதியைப் போடவும் முடியாது. தூரத்து ஊர்களுக்கு மட்டும் பில் தேதியிலிருந்து 18 நாள் என்று கணக்கிட்டு நேரடியாக அந்தத் தேதியை அச்சிடுங்கள்.

திருச்சி ஃபேப்ரிகேஷன்: இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாங்கள் லாரி ரசீதில் உள்ள டெலிவரி தேதியை வைத்துத்தான் செய்கிறோம், இதுவரை தகராறு இல்லை.

கணக்கம்மா: பத்து வாடிக்கையாளர் என்றால் அது நடக்கும், நல்லதும்கூட. நூறு பில் போகும் இடத்தில் ஒவ்வொரு ரசீதையும் தேடி எடுக்க ஆள் வேண்டும். உங்களிடம் ஆள் இருந்தால் தொடருங்கள்.

திருப்பூர் நிட்டிங்: அக்கா, எங்கள் ஆட்கள் கடைசி நாளில் காசோலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வங்கியில் போட்டுப் பணம் ஏறுவதற்குள் தேதி தாண்டிவிடும். அதைக் காலத்துக்குள் கட்டியதாக எடுக்கலாமா?

கணக்கம்மா: மேலே நான் சொன்ன உதாரணத்திலேயே இந்தப் பொறி இருக்கிறது பாருங்கள். 2026 மார்ச் 14 இரண்டாவது சனி, வங்கி விடுமுறை, மறுநாள் ஞாயிறு. அன்று காசோலை வாங்கினால் 16-ம் தேதி திங்கள்தான் வங்கியில் போட முடியும். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டும் விடுமுறை நாளிலும் ஓடுகின்றன, அதனால் அப்படி அனுப்புபவருக்குச் சனிக்கிழமையும் ஒரு நாள்தான். இரண்டு வகைக்கும் ஒரே வாசகம் போதாது. "காசோலை என்றால் 12-03-2026 வியாழன் மாலைக்குள் எங்கள் கையில் கிடைக்க வேண்டும், அன்றைய அல்லது அதற்கு முந்தைய தேதியிட்டதாக இருக்க வேண்டும்" என்று தனியாக எழுதுங்கள். கடைசிப் பகுதியை விட்டால் அடுத்த மாதத் தேதி போட்ட காசோலையை 12-ம் தேதியே கொடுத்துவிட்டு 2% கேட்பவர்கள் உண்டு. திரும்பி வந்த காசோலைக்குத் தள்ளுபடி இல்லை என்பதையும் சேர்த்துவிடலாம்.

மதுரை மொத்த வியாபாரம்: நான் 100 பெட்டிக்கு மேல் எடுத்தால் 5% குறைக்கிறேன். இதற்கும் இதே மாதிரி தேதி போட வேண்டுமா?

கணக்கம்மா: வேண்டாம், அது வேறு. உங்களுடையது அளவுக்கான தள்ளுபடி, பில்லிலேயே கழித்து மீதிக்கு வரி போடலாம். இரண்டையும் தருவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டிக் கட்டுவதற்கான தள்ளுபடி எந்தத் தொகையின் மேல், 5% கழித்த பிறகா முன்பா என்று எழுதுங்கள். ரூபாயில் எழுதினால் அதுவும் தேவைப்படாது.

கரூர் வீட்டுத்துணி: ஒருவர் பாதிப் பணம் நேரத்துக்கு அனுப்பினார், மீதி பத்து நாள் கழித்து. பாதிக்காவது 2% கொடு என்கிறார். அதோடு அவருக்குப் பழைய பாக்கி வேறு இருக்கிறது. இன்னொருவர் டிடிஎஸ் பிடித்து அனுப்பினார், முழுத் தொகை வரவில்லையே என்று எங்கள் பையன் தள்ளுபடியை மறுத்துவிட்டான்.

கணக்கம்மா: டிடிஎஸ் விஷயத்தில் பையன் செய்தது தப்பு. பிடித்த தொகை உங்கள் பெயரில் வருமான வரிக் கணக்கில்தான் ஏறுகிறது. "சட்டப்படி பிடிக்கும் டிடிஎஸ் போக மீதி வந்தால் முழுத் தொகை வந்ததாகக் கொள்ளப்படும்" என்று ஒரு வாசகம் போட்டால் இந்தச் சண்டை இல்லை.

பாதிப் பணத்துக்குத் தருவதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம், ஆனால் பில் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாதவரை அவர் கேட்பதில் தப்பில்லை. "எத்தனை தவணையாக வந்தாலும் முழுத் தொகையும் அந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டும்" என்பது எனக்குப் பிடித்த வாசகம்.

பழைய பாக்கிதான் கொஞ்சம் நுட்பம். இந்தப் பணத்தை இந்தப் பில்லுக்கு வரவு வை என்று அவர் குறிப்பிட்டு அனுப்பி, நீங்களும் வாங்கிக்கொண்டால் அந்தப் பில்லுக்குத்தான் வரவு வைக்க வேண்டும், இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 59 அப்படித்தான் சொல்கிறது. எதுவும் சொல்லாமல் அனுப்பினால்தான் பழையதில் கழிக்கும் உரிமை உங்களுக்கு. பணத்தைப் பழைய பில்லுக்குத் திருப்பி, புதியதற்குத் தள்ளுபடி இல்லை என்று அப்புறம் வாதாடுவதைவிட, "கெடு தாண்டிய பில் ஏதும் நிலுவையில் இல்லாதவர்களுக்கு மட்டும்" என்று நிபந்தனையாகவே முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

சேலம் ஸ்டீல் டிரேடர்: எதற்கு இத்தனை? விலையை 2% ஏற்றிவிட்டு, தாமதமானால் 2% அபராதம் என்று போட்டால் முடிந்தது.

கணக்கம்மா: தாமதத்துக்கு வாங்கும் வட்டியும் அபராதமும் சரக்கின் மதிப்போடு சேரும், அதற்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டும். அபராதம் என்ற சொல்லைப் பார்த்தால் நல்ல வாடிக்கையாளரும் முகம் சுளிப்பார். ஆனால் 2% தருவதும் மலிவு இல்லை. 20 நாள் முன்னால் பணம் வர 2,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். அதே 1,18,000-ஐ வங்கி ஓவர்டிராஃப்டில் 12% வட்டிக்கு 20 நாள் எடுத்தால் ஏறக்குறைய 776 ரூபாய்தான். ஓவர்டிராஃப்ட் வசதி இருப்பவர் 1% வைத்துப் பார்க்கலாம்.

கோவை பம்ப் உதிரி: எல்லாம் எழுதியும் 20-ம் தேதி 1,16,000 அனுப்பினால்?

கணக்கம்மா: அன்றே ஒரு செய்தி: "ரூ.1,16,000 வந்தது, நன்றி. தள்ளுபடித் தேதி 14-03-2026, ஆகவே ரூ.2,000 பாக்கி." மாதக் கடைசிவரை விட்டால் நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக அவர் நினைத்துவிடுவார். ஒன்றிரண்டு நாள் தாமதத்தை விட்டுக்கொடுக்க விரும்பினால் வாயால் சொல்லுங்கள், "இந்த ஒரு பில்லுக்கு மட்டும்" என்று. பில்லில் சலுகை நாள் அச்சிட்டால் அதுதான் புதிய கெடு.

நாகர்கோவில் கயிறு: முப்பது வருடமாக வியாபாரம் செய்கிறேன் அம்மா. பழகிய ஆளிடம் 2,000-க்குச் செய்தி அனுப்பினால் அடுத்த ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும்.

கணக்கம்மா: போகலாம் ஐயா. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள பழக்கத்தைப் பொறுத்தது, பில் வாசகத்தால் அதைத் தீர்க்க முடியாது.

ஈரோடு ஜவுளி: கடைசியாக ஒன்று. டேலியில் இதை எங்கே போடுவது?

கணக்கம்மா: `Declaration` பகுதியில் போடாதீர்கள், அங்கே யாரும் படிப்பதில்லை, அதோடு எல்லாப் பில்லிலும் ஒரே வாசகம் வரும், தேதி மாறாது. `Mode/Terms of Payment` கட்டம் சின்னது, "14-03-2026-க்குள் ரூ.1,16,000" என்ற அளவுக்குத்தான் அது தாங்கும். முழு வாசகத்தையும் `Narration`-இல் ஒவ்வொரு பில்லுக்கும் அடித்து, அது அச்சில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதே வாசகத்தைப் படத்துக்குக் கீழேயும் ஒட்டிவிடுங்கள், பணம் அனுப்பும் பையன் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறான்.