டிப்ளமோவிலிருந்து நேரடி இரண்டாம் ஆண்டு: கணிதத்தில் இடைவெளி எங்கே இருக்கிறது?

பதில் சொல்பவர் பாலிடெக்னிக் வழியாகப் பொறியியல் படித்தவர். இப்போது மூன்றாம் செமஸ்டர் மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறார்.

மெக்கானிக்கல் மாணவர்: சார், டிப்ளமோவில் நல்ல மதிப்பெண்தான். இங்கே ஃபூரியர் தொடர் நடக்கிறது. பலகையில் இரண்டாவது வரி வந்ததுமே தொலைந்துபோகிறேன். முதலாண்டுக் கணிதம் முழுவதையும் உட்கார்ந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். அவ்வளவுக்கும் நேரமில்லை, அவசியமும் இல்லை. பாலிடெக்னிக்கில் கணிதத் தாள்கள் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதன்பிறகு பட்டறையும் வரைபடமுமாகக் காலம் ஓடுகிறது. ஆகவே உங்களுக்குப் பெரும்பாலும் தெரியாமல் போகவில்லை, துருப்பிடித்திருக்கிறது. எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு கணக்குப் போதும். −π முதல் π வரை f(x) = x² என்ற சார்புக்கு ஃபூரியர் தொடர் காணுங்கள். நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். பேனா எந்த வரியில் நிற்கிறதோ அதுதான் உங்கள் பாடத்திட்டம்.

முதல் வரியில், x² இரட்டைச் சார்பு என்பதால் bₙ பூச்சியம் என்று எழுத வேண்டும். இது தோன்றாவிட்டாலும் கவலையில்லை. தேவையில்லாமல் ஒரு பக்கம் கூடுதலாக எழுதுவீர்கள், விடை மாறாது. நீங்கள் சொல்லும் இரண்டாவது வரி இதுவாகத்தான் இருக்கும்:

```
∫ x² cos nx dx
= x² (sin nx / n) − 2x (−cos nx / n²) + 2 (−sin nx / n³)
```

இது டிப்ளமோவில் நீங்கள் போட்ட பெர்னூலி சூத்திரமேதான். ஒவ்வோர் உறுப்பிலும் முதல் துண்டைப் பாருங்கள்: x², 2x, 2 என்று வகையிட்டுக்கொண்டே போகிறோம். அடைப்புக்குள் இருப்பதைத் தொகையிட்டுக்கொண்டே போகிறோம். குறிகள் கூட்டல், கழித்தல், கூட்டல் என்று மாறிமாறி வருகின்றன. நான் திருத்தும் தாள்களில் அதிகம் பார்க்கும் பிழை, n ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவது. வகையிடும் பழக்கம் கையில் தங்கிவிட்டதால் வருவது அது. சந்தேகம் இருந்தால் விடையை வகையிட்டுப் பாருங்கள். x² cos nx திரும்பி வராவிட்டால் எங்கோ பிசகியிருக்கிறது.

மூன்றாவது இடம் எல்லைகளைப் போடுவது. sin nπ எப்போதும் பூச்சியம். cos nπ என்பது (−1)ⁿ. பலர் cos π என்ற நினைப்பில் வெறும் −1 என்று எழுதிவிடுகிறார்கள். சரியாகப் போட்டால் இப்படி வரும்:

```
x² = π²/3 + 4 Σ (−1)ⁿ cos nx / n²
```

இதில் x = 0 என்று போட்டுக் கால்குலேட்டரில் கூட்டிப் பாருங்கள். π²/3 ஏறத்தாழ 3.29. அடுத்து வருபவை −4, +1, −0.44, +0.25. கூட்டக் கூட்டப் பூச்சியத்தைச் சுற்றிச் சுருங்குகிறது, இடது பக்கமும் பூச்சியம். (−1)ⁿ ஐ −1 ஆக்கியவருக்கு 3.29இல் இருந்து 4, 1, 0.44 என்று கழிந்துகொண்டே போகும், திரும்பி வராது. தேர்வு அறையில் அரை நிமிடத்தில் செய்துவிடலாம் இந்தச் சோதனையை.

இன்னொரு மாணவர்: நமக்கு முதலாண்டுத் தாள்களே கிடையாது, மதிப்பெண் சராசரியிலும் அவை வராது என்று சீனியர் அண்ணன் சொன்னார். பிறகு எதற்கு அதைத் திரும்பப் பார்க்க வேண்டும்?

அண்ணன் சொன்னதில் பாதி சரி. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவருக்குப் படிப்பு ஆறு செமஸ்டர்கள்தான், சராசரியும் அந்த ஆறிலிருந்துதான். ஆனால் மூன்றாம் செமஸ்டர் ஆசிரியர் வகுப்பின் பெரும்பகுதியைப் பார்த்துப் பாடம் எடுக்கிறார். அவர்கள் முதலாண்டு முடித்தவர்கள். பகுதி வகையீடு, தொகையீடு இரண்டையும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு அவர் ஒரே வரியில் தாண்டிவிடுவார். சராசரியில் வராதது உங்கள் அரியரில் வரும்.

சிவில் மாணவி: கணிதம் போகட்டும் சார். உத்திரம், வளைவுத் திருப்புத்திறன் எல்லாம் டிப்ளமோவிலேயே நன்றாகப் படித்துவிட்டேன். அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிடலாம் அல்லவா?

திருப்புத்திறன் வரைபடம் வரைவதில் வகுப்பிலேயே நீங்கள்தான் முந்தி நிற்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தொய்வு பற்றிய பாடத்துக்கு வாருங்கள். இரு முனைகளிலும் தாங்கிய உத்திரத்தின் நடுவில் W பளு என்றால் தொய்வு WL³/48EI. இந்தச் சூத்திரம் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். இங்கே அது எப்படி வந்தது என்று கேட்பார்கள்:

```
EI d²y/dx² = M = (W/2) x      (0 ≤ x ≤ L/2)
```

இருமுறை தொகையிட வேண்டும், இரண்டு மாறிலிகள் வரும். தாங்கியில் y = 0, நடுவில் சாய்வு பூச்சியம் என்று போட்டால் இரண்டும் கிடைத்துவிடும். பளுவை நடுவிலிருந்து தள்ளி வைத்தால் மனப்பாடச் சூத்திரம் உதவாது, இந்த வழி உதவும். ஆக, கணிதத்தைப் போகவிட்டால் இதுவும் கூடவே போகும். அந்த மாறிலிகளை எழுத மறப்பதுதான் இங்கே வழக்கமான பிழை.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்: எனக்கும் இதே சிக்கல் வருமா? நானும் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன்.

உங்கள் நிலை நேரெதிர். தொகையீடு உங்களுக்குக் கை வந்திருக்கும். பொறியியல் வரைபடத்தில்தான் திணறுவீர்கள். டிப்ளமோ நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் லாபம்.

கணினி அறிவியல் மாணவர்: எங்களுக்கு ஃபூரியரே இல்லையே!

இல்லைதான். உங்களுக்குத் தனிநிலைக் கணிதம், அதில் தொகையீடு தேவைப்படாது. சி மொழியில் சுட்டியும் ஸ்ட்ரக்சரும் சரளமாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு தொடுப்புப் பட்டியலின் முன்னால் ஒரு முனையைச் சேர்க்கும் ஃபங்ஷனை எழுதுங்கள். ஓடுகிறது, ஆனால் வெளியே வந்து அச்சிட்டால் பட்டியல் காலி என்றால், தலைச்சுட்டியின் நகலைத்தான் உள்ளே மாற்றியிருக்கிறீர்கள். அந்த ஓரிடத்தைப் பிடித்தால் தரவுக் கட்டமைப்புகளின் முதல் பாதி இளகிவிடும்.

வேலையை விட்டுப் படிக்க வந்தவர்: டிப்ளமோ முடித்துச் சில ஆண்டுகள் ஆலையில் இருந்தேன். நீங்கள் சொல்லும் கணக்கில் என் பேனா முதல் வரியிலேயே நின்றுவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

புத்தகம் சரி, முதல் பக்கம் சரியில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலின் பதினொன்றாம் வகுப்புக் கணிதம் இரண்டாம் தொகுதியை எடுங்கள். அதில் 10ஆம் அத்தியாயம் வகையிடல், 11ஆம் அத்தியாயம் தொகையிடல். பெர்னூலி சூத்திரமும் அங்கேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் 8ஆம் அத்தியாயத்தில் பகுதி வகைக்கெழு வருகிறது. இந்த மூன்றும் போதும். கணங்களும் தொடர்களும் காத்திருக்கட்டும்.

முன்னாள் மாணவர்: எனக்கு இதில் உடன்பாடில்லை சார். நான் முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன். முக்கோணவியல் வலுவாக இருந்ததால்தான் தொகையீடு எளிதாக வந்தது.

முக்கோணவியல் பற்றிச் சொல்வது நியாயம். sin A cos B ஐப் பிரிக்கத் தெரியாதவர் sin x cos nx ஐத் தொகையிட முடியாது. ஆனால் உங்களுக்கு வகுப்புக்கு முன்பே கோடை முழுவதும் கிடைத்திருக்கிறது. கலந்தாய்வு முடிந்து, வகுப்பு தொடங்கிய பிறகு வந்து சேர்பவர் என்ன செய்வார்? அவருக்கு அந்தச் சூத்திரங்களை ஒரு தாளில் எழுதி, கணக்கில் வரும்போது பார்த்துக்கொள் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் வேறு மாதிரி சொல்வீர்கள்.