ஷேக்ஸ்பியரின் உயிலை எடுத்துக்கொண்டால்: எங்கே தொடங்குவது, எதை நம்புவது

கேள்வி: ஷேக்ஸ்பியர் மனைவிக்கு ஒரு கட்டிலை மட்டும் எழுதி வைத்தார் என்று படித்தேன். ஒரு பிரபலத்தின் உயிலை வைத்து அவருடைய சொத்து, வாரிசு, கடைசிக் காலம் எல்லாம் தெரிந்துகொள்ள முடியுமா? எப்படிப் படிக்க வேண்டும்?

பதில்:

முதலில் எந்தப் பிரதியைப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் உயில்களுக்கு ஒப்புதல் தந்தவை திருச்சபை நீதிமன்றங்கள். ஒருவர் இறந்ததும், உயிலை நிறைவேற்றும் பொறுப்புள்ளவர் மூலத்தாளை அங்கே கொண்டுபோவார். எழுத்தர் அதைப் பெரிய பதிவேட்டில் அழகாகப் படியெடுப்பார். அப்படிப் படியெடுக்கும்போது அடித்த சொற்கள் மறைந்துவிடும், வரிகளுக்கு நடுவே பிறகு நுழைத்தவை மற்ற வரிகளோடு கலந்துவிடும். ஒருவருடைய மனம் எங்கே மாறியது என்பதைக் காட்டுபவையே அந்த அடித்தலும் செருகலும்தான். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் பதிவேட்டுப் பிரதிகள் PROB 11 என்ற வரிசையில் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் மூல உயில் மூன்று தாள்கள், அதன் எண் PROB 1/4. அச்சில் வந்த வாசகத்தைப் படிப்பதானாலும் அந்தத் தாள்களின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அடுத்தது தேதி. முதல் தாளின் தலையில் லத்தீனில் ஜனவரி 25 என்று எழுதி, மாதத்தை அடித்து மார்ச் என்று திருத்தியிருக்கிறது. ஆனால் அதே வரியில் உள்ள ஆண்டு, முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்தை ஆண்ட 14ஆம் ஆண்டு. அது தொடங்கியதே 1616 மார்ச் 24 அன்றுதான். ஆகவே ஜனவரியில் எழுதிய தாளாக இருந்தால் அங்கே 13 என்று இருந்திருக்க வேண்டும். ஜனவரியில் ஒரு வரைவு இருந்தது, மார்ச்சில் முதல் தாளைப் புதிதாக எழுதும்போது எழுத்தர் பழைய மாதத்தைக் கைதவறிப் படியெடுத்துவிட்டார் என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளில் நம் கணக்கில் 1616 என்பது அவர்கள் தாளில் 1615 என்றே இருக்கும். இதைக் கவனிக்காததால் ஒரு முழு ஆண்டு தவறிப்போன வாழ்க்கை வரலாறுகள் உண்டு.

அந்த ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே என்ன நடந்தது? பிப்ரவரி 10 அன்று இளைய மகள் ஜூடித், தாமஸ் குவைனியை மணந்தாள். குவைனியால் கருவுற்றிருந்த வேறொரு பெண்ணும் அவளுடைய குழந்தையும் மார்ச் 15 அன்று அடக்கம் செய்யப்பட்டார்கள். மார்ச் 26 அன்று, அதாவது உயிலில் உள்ள தேதிக்கு மறுநாள், அவன் திருச்சபை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். இப்போது உயிலைப் பாருங்கள். முதல் கொடையில் 'மருமகன்' என்று தொடங்கிய சொல்லை அடித்துவிட்டு 'மகள் ஜூடித்' என்று எழுதியிருக்கிறது. அவளுக்கு முதலில் 150 பவுண்டு. அதில் 100 சீதனக் கணக்கில், மீதி 50 ஒரு சிறு வீட்டின் மேலுள்ள உரிமையை அவள் அக்காவுக்கு விட்டுக்கொடுத்தால். மூன்று ஆண்டு கழித்து அவளோ அவள் பிள்ளைகளோ உயிரோடு இருந்தால் இன்னொரு 150 பவுண்டு. ஆனால் அவள் திருமணத்தில் இருக்கும்வரை அந்த அசல் தொகை அவள் கைக்கு வராது, வட்டி மட்டுமே வரும். கணவன் அதே மதிப்புள்ள நிலத்தை அவள் பேரில் எழுதி வைத்தால்தான் அவனுக்குப் பணம். பெயரைச் சொல்லித் திட்டவில்லை. ஆனால் ஒரு தகப்பனின் கவலை ஷரத்து ஷரத்தாகத் தெரிகிறது. உயிலை மட்டும் படித்தால் இது வெறும் கண்டிப்பு என்றே தோன்றும். திருமணப் பதிவு, அடக்கப் பதிவு, நீதிமன்றப் பதிவு மூன்றையும் தேதி வரிசையில் பக்கத்தில் வைத்தால்தான் காரணம் புரியும்.

இதே தாளில் 'பூரண உடல்நலத்தோடும் நினைவோடும்' என்று இருக்கிறது. ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 23 அன்று, அவர் இறந்துவிட்டார். அந்தச் சொற்றொடர் எழுத்தர்களின் வழக்கமான வாய்பாடு, அதை மருத்துவச் சான்றாக எடுக்கக் கூடாது. மூன்று தாளிலும் உள்ள கையொப்பங்களின் தடுமாற்றத்தைப் பலர் நோயின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். வாய்பாட்டைவிட அது நல்ல தடயம், ஆனாலும் தடயம்தான்.

இனி கட்டில். 'என் இரண்டாவது நல்ல கட்டிலை அதன் விரிப்புகளோடு மனைவிக்கு' என்ற வரி மூன்றாம் தாளில் வரிகளுக்கு இடையே நுழைத்தது. கடைசியில் நினைவுக்கு வந்ததா, அவளே கேட்டு வாங்கியதா என்று தாள் சொல்லாது. ஆனால் சட்டம் ஒன்றைச் சொல்கிறது: கணவனின் சொந்த நிலங்களில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை விதவைக்கு இயல்பாகவே உண்டு, அதை உயிலில் எழுத வேண்டியதில்லை. ஆகவே 'மனைவிக்குக் கட்டில் மட்டும்' என்ற முடிவு சரியாகாது. அதே சமயம், 1613இல் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸில் 140 பவுண்டுக்கு வாங்கிய வீட்டில் வேறு மூவரை அறங்காவலராகச் சேர்த்திருந்தார். அந்த ஏற்பாட்டின் விளைவாக அந்த வீட்டில் மட்டும் மனைவியின் பங்குக்கு வழியில்லை. அது வேண்டுமென்றே செய்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. உயிலில் ஒருவர் பெயருக்கு நேரே கொஞ்சமாக இருந்தால், அவருக்குச் சட்டப்படியோ திருமண ஒப்பந்தப்படியோ ஏற்கெனவே என்ன கிடைத்திருக்கும் என்று முதலில் தேடுங்கள்.

வாரிசு விஷயத்தில் உயில் காட்டுவது விருப்பத்தை. நிலமும் வீடுகளும் மூத்த மகள் சுசானாவுக்கு, பிறகு அவளுடைய முதல் மகனுக்கு, இரண்டாம் மகனுக்கு என்று ஏழாம் மகன்வரை எழுதியிருக்கிறார். சுசானாவுக்கு மகனே பிறக்கவில்லை. ஜூடித்தின் மூன்று மகன்களும் அவளுக்கு முன்பே இறந்தார்கள். பேத்தி எலிசபெத் 1670இல் பிள்ளையில்லாமல் இறந்ததோடு நேர்வழி முடிந்தது. சொத்து உண்மையில் யாரிடம் போனது என்பதற்குப் பிற்காலப் பத்திரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

சொத்தின் அளவுதான் மிகவும் ஏமாற்றும் பகுதி. 1605இல் 440 பவுண்டுக்கு அவர் வாங்கிய தசமபாகக் குத்தகை, அதாவது விளைச்சலில் திருச்சபைக்குரிய பத்தில் ஒரு பங்கை வசூலிக்கும் உரிமை, உயிலில் தனியாக வரவில்லை. 'மற்ற பொருட்கள், குத்தகைகள், வெள்ளிப் பாத்திரங்கள், நகைகள்' சுசானாவுக்கும் அவள் கணவருக்கும் என்ற பொது வரியில் அது அடங்கிவிடும். புத்தகங்கள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் புத்தகமே இல்லாதவர் என்று சிலர் வாதாடுகிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட பொருட்கள் வர வேண்டிய இடம் வீட்டுச் சாமான் பட்டியல். 1616 ஜூன் 22 அன்று மருமகன் ஜான் ஹால் உயிலை நிரூபித்தபோது பட்டியலும் தாக்கலானது என்ற குறிப்பு இருக்கிறது, பட்டியல்தான் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அதில் நிலம் வந்திருக்காது, அசையும் பொருட்களைத்தான் மதிப்பிடுவார்கள்.

இதே கண்ணி பின்னாளிலும் உண்டு. 1858 ஜனவரியில் இங்கிலாந்தில் உயில்களுக்கு ஒப்புதல் தரும் வேலை திருச்சபையிடமிருந்து அரசு நீதிமன்றத்துக்கு மாறியது. அன்றிலிருந்து வரும் ஆண்டுப் பட்டியலில் பெயர், இறந்த தேதி, பொறுப்பாளர் பெயர், ஒரு தொகை எல்லாம் இருக்கும். 1898க்கு முன் அந்தத் தொகையில் நிலம் சேராது, கடனும் கழிக்கப்பட்டிருக்காது. பெரிய நிலக்கிழார் அதில் ஏழையாகத் தெரியலாம், கடனில் மூழ்கியவர் செல்வராகத் தெரியலாம். இறந்த ஆண்டில் பெயர் இல்லையென்றால் அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளையும் புரட்டுங்கள். பட்டியல் ஒப்புதல் கிடைத்த ஆண்டுப்படி அமைந்தது, இறந்த ஆண்டுப்படி அல்ல.